நர்சம்மா ஒப்புக்கொண்ட பத்தி

கட்டுரைத் தாள் திருத்த உட்கார்ந்தால் நான் முதலில் படிப்பது முதல் பத்தியை அல்ல. நடுவில் எங்கோ இருக்கும் எதிர்வாதப் பத்தியைத் தேடிப் போய் அதைத்தான் முதலில் படிப்பேன். பெரும்பாலான தாள்களில் அது ஒன்றரை வரி இருக்கும். "ஆனால் சிலர் இதனை எதிர்க்கின்றனர். அவர்களது கருத்து ஏற்புடையதன்று." அந்தச் சிலர் யார், என்ன சொன்னார்கள், ஏன் ஏற்புடையதன்று என்று ஒரு சொல் இருக்காது. அந்தத் தாளை மேற்கொண்டு படிக்காமலே மதிப்பெண் போட்டுவிடலாம்.

பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ராசிபுரத்தில் ஒரு நெய்க்கடையின் மாடியில் மாலை வகுப்பு நடத்துகிறேன். குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதும் பிள்ளைகள் வருவார்கள். அந்தத் தேர்வில் 2013 முதல் அறவியலுக்கென்றே 250 மதிப்பெண்ணுக்கு ஒரு தாள் இருக்கிறது. கட்டுரைத் தாள் தனி. அதற்கும் 250. மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 1000 முதல் 1200 சொற்கள். இரண்டு தாளிலும் பிள்ளைகள் சறுக்குவது ஒரே இடத்தில்தான். ஒரு பக்கம் நின்று வாதாடத் தெரியும். எதிர்ப்பக்கத்தைக் கண்ணெதிரே உட்கார வைத்துப் பேசத் தெரியாது.

காரணம் புரியாமல் இல்லை. எங்கள் பகுதி விடுதிப் பள்ளிகளுக்குப் பேர்போனது. விடைக் குறிப்பில் இருப்பதை அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் என்னிடம் வந்து, "அறத் தாளுக்கு விடைக் குறிப்பு எங்க கிடைக்கும் சார்?" என்று கேட்பார்கள். இன்னொரு பக்கம் பட்டிமன்றம். கட்சி கட்டிப் பேசுவது, கடைசியில் நடுவர் இரண்டு பேருக்கும் மாலை போட்டு அனுப்புவது. சமநிலை என்றால் அதுதான் என்று நினைத்து, கடைசிப் பத்தியில் "இரு தரப்பிலும் நியாயம் உண்டு" என்று முடித்துவிட்டு எழுந்து போவார்கள்.

கீழே கடையில் ஒரு பழைய தராசு இருந்தது. அதைக் காட்டித்தான் சொல்வேன். தட்டுகள் காலியாக இருக்கும்போது முள் நடுவில் நிற்க வேண்டும். ஒரு தட்டில் பாரம் கூடிய பிறகும் முள் அசையாமல் நின்றால் அந்தத் தராசு கெட்டுப்போனது. கட்டுரையும் அப்படித்தான். இரண்டு பக்கத்தையும் ஒழுங்காக நிறுப்பது சமநிலை. நிறுத்த பிறகு சாய்வதில் குற்றமில்லை.

2019 ஏப்ரலில் எங்கள் ஊர்ப் பெயர் நாடு முழுக்கச் செய்தியில் அடிபட்டது. குழந்தை விற்பனை பற்றிய ஒரு குரல் பதிவு பரவி, கைதுகள் நடந்தன. அந்த வாரம் வகுப்பில் எல்லோரும் அதையே தலைப்பாக எழுத வேண்டும் என்றார்கள். எழுதச் சொன்னேன். பதினான்கு தாளும் ஒன்று போலவே இருந்தன. கோபம் இருந்தது, சட்டப் பிரிவு இருந்தது, வாதம் இல்லை. குற்றம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றைக் குற்றம் என்று நிறுவ வாதம் எதற்கு? அறக் கட்டுரைக்குப் பொருத்தமான கேள்வி, எழுதுகிறவனுக்கே ஓரிடத்தில் உறுத்த வேண்டும். இரண்டு பக்கமும் நல்ல மனிதர்கள் நிற்கிற கேள்வியாக இருக்க வேண்டும்.

அப்படி ஒரு கேள்வி எங்கள் மண்ணிலேயே இருந்தது. தொட்டில் குழந்தைத் திட்டம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் முதலமைச்சர் ஜெயலலிதா சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997இல்தான் என்பதால் ராசிபுரமும் அன்று சேலத்துக்குள் அடக்கம். வளர்க்க மனமில்லாத, அல்லது வழியில்லாத பெண் குழந்தையைக் கொல்ல வேண்டாம், மருத்துவமனையிலோ வரவேற்பு மையத்திலோ வைத்திருக்கும் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகலாம், அரசு வளர்க்கும் அல்லது தத்துக் கொடுக்கும் என்பது ஏற்பாடு. 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் போனது. அதே 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். கேள்வியை இப்படிக் கொடுத்தேன்: தொட்டில் வைத்தது சரியா?

மல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் தாளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நாலு முறை திரும்ப எழுதிய தாள். அதனால் ஒவ்வொரு படியும் எனக்கு நினைவிருக்கிறது.

முதல் முறை அவள் எழுதிய நிலைப்பாடு: "தொட்டில் குழந்தைத் திட்டம் ஒரு சிறந்த திட்டமாகும்." இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சிறந்தது என்றால் எதைவிட? யாருக்கு? இதை மறுக்க நினைப்பவனுக்கு எங்கே கை வைப்பது என்று தெரியாது. மறுக்க இடமில்லாத வாக்கியத்தைக் காப்பாற்றவும் வழியில்லை. "யாருக்கு, என்ன கடமை, எந்த நிலைமையில். இந்த மூணும் ஒரே வாக்கியத்துல வரணும் கண்ணு" என்றேன். அரை மணி நேரம் கழித்து எழுதிக்கொண்டு வந்தாள்: "பிறந்த குழந்தையின் உயிருக்கு ஆபத்து இருக்கும் நிலையில், காரணம் கேட்காமலும் தண்டிக்காமலும் அந்தக் குழந்தையை வாங்கிக்கொள்ள அரசு கடமைப்பட்டது." இப்போது எதிராளி எங்கெங்கே அடிக்கலாம் என்று தெரிகிறது. ஆபத்து இருக்கிறது என்று எப்படித் தெரியும்? காரணம் கேட்காமல் ஏன்? தண்டிக்காமல் ஏன்? மூன்று இடத்தில் தாக்கலாம் என்றால் மூன்று இடத்தில் தாங்கலாம்.

தன் பக்கத்து வாதத்தை அவள் நன்றாகவே எழுதினாள். மையமான காரணம் ஒன்றுதான்: கொலையைத் திருத்த முடியாது, மற்றத் தவறுகளைத் திருத்தலாம். தண்டனை பயத்தால் மட்டும் இதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் கொலை நடப்பது வீட்டுக்குள், சாட்சி சொல்ல வேண்டியவர்களும் அதே வீட்டுக்காரர்கள். காரணம் கேட்டால் வர மாட்டார்கள், வராவிட்டால் குழந்தை பிழைக்காது. ஆகவே கேட்கக்கூடாது. ஒரு காரணத்திலிருந்து அடுத்தது பிறப்பது போல எழுதியிருந்தாள். இந்தப் பகுதியில் பிள்ளைகள் செய்யும் தவறு, ஏழெட்டுக் காரணங்களை வரிசையாக அடுக்குவது. அவற்றில் இரண்டு பலவீனமாக இருந்தால் போதும், படிப்பவர் அந்த இரண்டை வைத்து மொத்தத்தையும் எடைபோடுவார்.

சிக்கல் எதிர்வாதத்தில் வந்தது. அவள் எழுதியது: "இத்திட்டம் வரதட்சணையை ஒழிக்கவில்லை, ஆண் குழந்தை மோகத்தை மாற்றவில்லை என்று சிலர் கூறுவர்." பதிலும் தயாராக இருந்தது: வரதட்சணைக்கு 1961இலேயே தடைச் சட்டம் இருக்கிறது, கருவில் பாலினம் அறிவதற்கு எதிராக 1994 சட்டம் இருக்கிறது, அவை தம் வேலையைச் செய்யட்டும்.

நான் கேட்டேன், "தொட்டில் வைத்தது தவறுன்னு இந்த ஆள் சொல்றாரா, போதாதுன்னு சொல்றாரா?"

யோசித்துவிட்டு, "போதாதுன்னுதானுங்க சார்" என்றாள்.

இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க எனக்கே சில வருடம் பிடித்தது. ரத்தம் கொட்டும் இடத்தில் துணியைக் கட்டுகிறவரிடம், விபத்து நடந்த சாலையைச் சரிசெய்யவில்லையே என்று கேட்பது நியாயமான குறைதான். ஆனால் துணி கட்டியது தவறு என்று அது நிறுவாது. "போதாது" என்பதை எதிர்வாதமாக நிறுத்திவிட்டு அதை வீழ்த்துவது, களத்துக்கே வராதவனை வென்றதாகச் சொல்லிக்கொள்வது. நம் நிலைப்பாடு உண்மையானால் அந்த எதிர்வாதம் பொய்யாக வேண்டும், எதிர்வாதம் உண்மையானால் நம் நிலைப்பாடு விழ வேண்டும். அப்படி ஒன்றோடொன்று மோதுவதுதான் எதிர்வாதம்.

அப்படி மோதுகிற ஒன்றைத் தேடி எங்கே போவது? புத்தகத்தில் கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு நர்சம்மா இருந்தார். கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், தொட்டில் வந்த காலத்தில் ஊர் ஊராகப் போனவர். அந்தத் திட்டத்தின் மேல் அவருக்கு மனத்தாங்கல் உண்டு என்று எனக்குத் தெரியும். தாளை எடுத்துக்கொண்டு நானும் அந்தப் பெண்ணும் போனோம். எதிர்வாதப் பத்தியை மட்டும் படித்துக் காட்டினோம்.

"இதை யாருங்க சொன்னாங்க? நான் சொல்றது இது இல்லீங்களே வாத்தியாரே" என்றார்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் பேசினார். "மூணாவதும் பொண்ணாப் பொறந்துச்சுன்னு வெச்சுக்கோ பாப்பா. மாமியாகாரி ஒண்ணு சொல்லுவா, புருசன் ஒண்ணு சொல்லுவான். பெத்தவ மட்டும் வளர்த்துக்கறேன்னு அழுவா. தொட்டில் வர்றதுக்கு முன்னால அவ கையில ஒரு பேச்சு இருந்துச்சு. 'என்ன பண்ணச் சொல்றீங்க, கொல்லச் சொல்றீங்களா?' அப்படின்னு கேட்டா பாதிப் பேரு வாயடைச்சுப் போவாங்க. தொட்டில் வந்த பொறவு அந்தப் பேச்சு போச்சு. 'யாரு கொல்லச் சொன்னா? கவர்மெண்டுதான் வாங்கிக்குதே, போட்டுட்டு வா'ன்னுட்டாங்க. வளர்ந்திருக்க வேண்டிய புள்ளையும் தொட்டிலுக்குப் போச்சு. அதைத்தான் நான் சொல்றேன்."

திரும்பி வரும் வழியில் இருவரும் பேசவில்லை. அவளுடைய கட்டுரையில் நின்ற காரணங்கள் குழந்தையும் தாயும்தான். நர்சம்மாவின் எதிர்ப்பிலும் நிற்பது அதே குழந்தையும் அதே தாயும்தான். அன்றுதான் எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. நம்மிடமிருந்து வேறுபட்ட மதிப்பை வைத்துப் பேசுகிறவர் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் நம்மை அதிகம் அசைக்க மாட்டார். நாம் மதிக்கும் அதே பொருளைக் கையில் எடுத்து, அதை நீயே கெடுக்கிறாய் என்று காட்டுகிறவரின் வாதம்தான் வலுவான எதிர்வாதம். அதைக் கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி உண்டு: "என் நிலைப்பாட்டால் நான் காப்பாற்ற நினைக்கிறவர்களில் யாருக்குக் கெடுதல் வருகிறது?" என்று கேட்டுப் பார்ப்பது.

இது புதுச் சங்கதி அல்ல. நன்னூல், நூல் எழுதுகிறவருக்குரிய மதங்கள் என்று ஏழைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று பிறருடைய கொள்கையை முதலில் தானே மேற்கொண்டு, பிறகு அதைக் களைவது. வெறுமனே மறுப்பது அங்கே வேறொரு மதமாக எண்ணப்படுகிறது, இரண்டும் ஒன்றல்ல. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகவே வகுத்தார். மற்றச் சமயங்கள் சொல்வதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி மறுத்துவிட்டுத்தான் தம் பக்கத்துக்கு வருகிறார். மேற்கொள்ளாமல் களைய முடியாது என்பதை எங்கள் ஊரில் மரவள்ளிக் காட்டில் களை எடுத்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தலையைக் கிள்ளினால் பத்து நாளில் திரும்ப வரும். அடியைப் பிடித்துத்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது முறை எழுதியபோது எதிர்வாதம் ஒன்றரை வரியிலிருந்து ஒரு முழுப் பக்கத்துக்கு வந்தது. ஆனாலும் ஒரு பழக்கம் போகவில்லை. "போட்டுட்டு வா என்று சொல்லும் கொடிய மனம் படைத்தோர்" என்று ஓர் இடத்தில், "மேலோட்டமாகப் பார்த்தால் சரியெனத் தோன்றும் இவ்வாதம்" என்று இன்னோரிடத்தில். எதிர்வாதம் பேசும்போதே பதிலை உள்ளே நுழைக்கும் சொற்கள் இவை. நான் செய்யச் சொல்லும் சோதனை எளிது. மற்றப் பகுதிகளைத் தாளால் மூடிவிட்டு எதிர்வாதப் பத்தியை மட்டும் ஒரு நண்பரிடம் காட்டு. எழுதியவர் எந்தக் கட்சி என்று அவர் கண்டுபிடித்துவிட்டால் பத்தி தோற்றது. அவள் அந்தச் சொற்களை எடுத்துவிட்டு நர்சம்மாவிடமே போய்க் காட்டினாள். கேட்டு முடித்ததும் அவர், "ஆமா, இதுதான்" என்றாராம்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் வகுப்புக்கு வரவில்லை. வந்தபோது, "பதில் வரமாட்டேங்குதுங்க சார். அவங்க சொல்றதுதான் சரின்னு தோணுது" என்றாள். நல்ல எதிர்வாதத்தை எழுதியவர்களுக்கு இந்த நிலை வந்தே தீரும். வராவிட்டால் எதிர்வாதத்தில்தான் ஏதோ குறை.

பதில் சொல்ல நான்கு வழிகள் உண்டு என்று கரும்பலகையில் எழுதினேன். எதிராளி சொல்லும் செய்தியே தவறு என்று காட்டலாம். செய்தி சரி, ஆனால் அது நம் நிலைப்பாட்டைத் தொடாது என்று பிரித்துக் காட்டலாம். தொடுகிறது, ஆனால் மறுதட்டில் இருப்பது கனமானது என்று நிறுத்துக் காட்டலாம். அல்லது அந்த அளவுக்கு ஒப்புக்கொண்டு நம் நிலைப்பாட்டைச் சுருக்கிக்கொள்ளலாம். தேர்வறையில் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பிடிப்பது முதல் வழியை. இங்கே அது அடைபட்ட வழி. தொட்டிலுக்கு வந்த குழந்தைகளில் எத்தனை பேர் இல்லாவிட்டால் கொல்லப்பட்டிருப்பார்கள், எத்தனை பேர் வளர்ந்திருப்பார்கள் என்பதை யாராலும் எண்ண முடியாது. நடக்காத ஒன்றுக்குக் கணக்கெடுப்பு கிடையாது. நர்சம்மா நேரில் பார்த்ததை மாடியில் உட்கார்ந்துகொண்டு நாம் இல்லை என்று சொல்ல முடியாது. இதைக் கட்டுரையிலேயே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால் படிப்பவர் நம்மை நம்புவார்.

இரண்டாவது வழியும் ஆகாது. அவர் வாதம் நிலைப்பாட்டை நேராகத் தொடுகிறது. மூன்றாவதில் கொஞ்சம் இடம் இருந்தது. அதை வைத்து அவள் எழுதினாள்: இரண்டு வகைத் தவறு நேரலாம். வளர்ந்திருக்கக்கூடிய குழந்தை தொட்டிலுக்குப் போவது ஒன்று, தொட்டில் இல்லாததால் குழந்தை சாவது இன்னொன்று. எது எத்தனை என்று தெரியாதபோது, திரும்ப முடியாத தவறைத் தவிர்க்கும் பக்கம் சாய்வது நியாயம். முதல் தவறில் குழந்தை உயிரோடு இருக்கிறது, தாய் மனம் மாறினால் திரும்ப வாங்கலாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் பேனாவை வைத்தேன். "வாங்கலாமா? தொட்டில்ல போட்டுட்டுப் போனவ எப்படித் திரும்ப வந்து வாங்குவா?"

அவள் போய் இளைஞர் நீதிச் சட்டத்தைப் படித்துவிட்டு வந்தாள். 2015 சட்டப்படி குழந்தைகள் நலக் குழு முன் முறையாக ஒப்படைத்த பெற்றோருக்கு, முடிவை மறுபரிசீலனை செய்ய இரண்டு மாத அவகாசம் உண்டு. கைவிடப்பட்ட குழந்தையானாலும், இரண்டு வயது வரை உள்ள குழந்தையைத் தத்துக்கு உரியது என்று அறிவிக்கும் முன் பெற்றோரைத் தேட முயற்சி நடக்க வேண்டும். அதற்கும் இரண்டு மாதம். ஆனால் இரவில் பெயர் சொல்லாமல் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகிறவர் யாரென்றே தெரியாது. காரணம் கேட்காமல் வாங்க வேண்டும் என்ற அவளுடைய நிபந்தனையே திரும்பி வரும் வழியை அடைக்கிறது. அவள் பதில் நின்றிருந்த கால், அவள் நிலைப்பாட்டாலேயே ஒடிகிறது.

இங்கேதான் நான்காவது வழி வேலைக்கு வந்தது. அவள் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டாள். நர்சம்மா சொல்லும் கெடுதல் உண்மை, அது தாயின் பேச்சைப் பறிக்கும் கெடுதல். ஆகவே தொட்டில் நியாயமாக வேண்டுமென்றால் அந்தப் பேச்சைத் தாய்க்குத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடும் அதோடு சேர்ந்திருக்க வேண்டும். கொண்டுவந்தவர் பாட்டியானாலும் தகப்பனானாலும், பெற்றவளை ஒரு செவிலியர் தனியாகப் பார்த்து, குடும்பத்தார் யாரும் இல்லாத இடத்தில் கேட்க வேண்டும். எதற்காக விடுகிறாய் என்று கேட்கக்கூடாது. திரும்ப வேண்டுமானால் இன்ன தேதிக்குள் இன்ன இடத்துக்கு வரலாம், தண்டனை கிடையாது என்று சொல்ல வேண்டும். பெயர் சொல்லாமல் இரவில் விடுபவர்களுக்கு இது எட்டாது என்பதையும் அவள் மறைக்கவில்லை. அந்த இடத்தில் மட்டும் உயிர் என்ற ஒரே காரணத்தில் தான் நிற்பதாக எழுதினாள்.

நல்ல எதிர்வாதத்துக்குப் பதில் சொன்ன பிறகு நிலைப்பாடு பழைய அளவிலேயே இருக்கக்கூடாது. கட்டுரையின் முதல் பத்தியில் இருக்கும் வாக்கியத்தையும் கடைசிப் பத்தியில் இருக்கும் வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். எழுத்து மாறாமல் இருந்தால் நடுவில் ஒன்றும் நடக்கவில்லை. தலைகீழாகி இருந்தால் எழுதியவருக்குத் தன் பக்கமே முதலில் தெரியவில்லை. பக்கம் மாறாமல் எல்லை மட்டும் குறுகியிருக்க வேண்டும். அவளுடைய கடைசி வாக்கியம் இது: "பிறந்த குழந்தையின் உயிருக்கு ஆபத்து இருக்கும் நிலையில் அரசு அந்தக் குழந்தையைத் தண்டிக்காமல் வாங்கிக்கொள்ளக் கடமைப்பட்டது, ஆனால் பெற்றவள் தன் வாயால் பேச ஓரிடமும் திரும்பி வர ஒரு வழியும் வைக்காதவரை அந்தக் கடமையில் பாதியைத்தான் அது செய்திருக்கிறது."

தேர்வுக்கு வேண்டிய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுரைக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அதில் இருபது நிமிடம் எழுதாமல் யோசிக்க வேண்டும், அதிலும் பாதியை எதிராளிக்கே கொடுக்க வேண்டும். 1100 சொல் என்று வைத்துக்கொண்டால் கேள்வியைத் திறந்து நிலைப்பாட்டைச் சொல்ல 150, நம் பக்க வாதத்துக்கு 400, எதிர்வாதத்துக்கு 200, பதிலுக்கு 250, குறுகிய முடிவுக்கு 100. எதிர்வாதம் 200 சொல்லுக்குக் கீழே போனால் நாம் எதிராளியைப் பேசவிடவில்லை. பதில் எதிர்வாதத்தைப்போல மூன்று மடங்கு நீண்டால், ஒரே பதில் நமக்குக் கிடைக்கவில்லை, கிடைத்ததையெல்லாம் எறிகிறோம் என்று பொருள். எதிர்வாதம் ஒன்று போதும். மூன்று எடுத்தால் மூன்றும் ஒன்றரை வரிக்குத் திரும்பிவிடும்.

நாலாவது முறை எழுதிய தாளை முழுவதும் நர்சம்மாவுக்குப் படித்துக் காட்டினோம். எதிர்வாதப் பத்தி வந்ததும் தலையாட்டினார். பதில் வந்தபோது ஆட்டவில்லை. படித்து முடிந்ததும் அந்தப் பெண் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதிலை நான் ஒத்துக்கலே பாப்பா" என்றார். "தனியா வெச்சுக் கேட்டாலும் வீட்டுக்குப் போனா அவதானே அடி வாங்கணும்? ஆனா நான் கேட்டதைத்தான் நீ எழுதியிருக்கே. அதுல ஒரு வார்த்தை கூட்டலே, கொறைக்கலே."

அவள் பேனாவை எடுத்து, தாளின் ஓரத்தில் "வீட்டுக்குப் போன பிறகு?" என்று எழுதிக்கொண்டாள்.